வெள்ளைப் பொன்னி சாய்வதன் காரணமும் தடுக்கும் விதமும்

மதுரைச் சமவெளியில் பெரியாறு–வைகைப் பாசன வயல்களில் சம்பா நெல் கதிர் முற்றும் தறுவாயில், வடகிழக்குப் பருவமழையின் கடைசி மழைகளும் வந்து சேருகின்றன. ஒரே இரவில் பயிர் தரையில் படிந்துவிட்டால் குடியானவர்கள் குற்றத்தைக் காற்றின்மீது சுமத்துவது வழக்கம். ஆனால் வரப்புக்கு அப்புறமுள்ள வயல் அதே காற்றைத் தாங்கி நிற்குமானால், காரணத்தைத் தாளில் தேட வேண்டும்.

1986-இல் கோயம்புத்தூரிலிருந்து வெளியிடப்பட்ட வெள்ளைப் பொன்னி, மலேசியாவின் மசூரி வழிவந்தது. குட்டை ரகங்களைவிட இது உயரமானது. கதிர் பாரமேறி மழைநீரும் அதில் தங்கும்போது, உச்சியிலுள்ள சுமை நெம்புகோல் போல் அடித்தாளை வளைக்கிறது. தாள் எவ்வளவு உயரமோ அவ்வளவு விசை அடியில் விழும். நடவுப் பயிர் பெரும்பாலும் வேரோடு பெயர்வதில்லை. அடிக்கணுக்களுக்கு இடைப்பட்ட பாகத்திலேயே மடிகிறது.

தழைச்சத்து மிகுந்தால் இப்பாகம் மூவகையில் நலிகிறது. அடிக் கணுவிடைகள் நீளுகின்றன. அவற்றின் சுவர் மெலிந்து உறுதியிழக்கிறது. தழை அடர்ந்து அடித்தாளில் வெயில் படாமற் போகிறது. அடியிலைகள் நிழலில் அழுகினால், தாளைச் சுற்றி இறுக்கி நின்ற இலையுறையின் துணையும் நீங்கும்.

ஆகவே அளவைக் கணக்கிடுதல் அவசியம். குட்டை ரகத்துக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து இடுவோர், பொன்னிக்கும் அதையே இடுகின்றனர். பொன்னிக்குச் சுமார் 30 கிலோ போதும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து இருப்பதால், இது 65 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய ஒன்றரை மூட்டையாகும். முன்னதோ ஏறக்குறைய மூன்று மூட்டை. தொழுவுரமும் பசுந்தாளும் இட்ட வயலில் இன்னும் குறைக்கலாம்.

காலமும் கவனிக்கத்தக்கது. விதைத்து ஏறக்குறைய 70 நாளில் தாளைப் பிளந்து பார்த்தால், அடியில் கதிரின் வெண்மையான முனை தெரியும். அடிக் கணுவிடைகள் நீளுவதும் இக்காலத்தை ஒட்டியே. அப்போது இலை கரும்பச்சையாய் இருப்பின் யூரியா இடலாகாது. இலை வண்ண அட்டையில் 10 இலைகளைப் பார்த்து, 6-க்குக் குறையாதவை 3-ஆம் எண்ணுக்குக் கீழ் வெளுத்திருந்தால் மட்டும் ஒரு தவணை இடுக. சாம்பல் சத்தை விடாமல் இடுவதும் தாளுக்கு உறுதி தரும்.

பயிர் சாய்ந்துவிட்டால் முதலில் வயல்நீரை வடித்துவிட வேண்டும். நீரில் கிடக்கும் கதிர் வயலிலேயே முளைவிடும். பின் அருகருகே உள்ள நான்கைந்து குத்துக்களைச் சேர்த்து நிமிர்த்திக் கட்டலாம். முழுதும் முறிந்த தாள் நிமிராது. அதை முற்றியவுடன் கையால் அறுப்பதே லாபம்.

சேதம் பார்வையிடும் கிராம உத்தியோகஸ்தர்கள் பக்கத்து வயலையும் பார்த்து, ரகத்தையும் இட்ட உரத்தையும் கேட்டறிந்தால், காற்றால் வந்த நஷ்டம் எது, மிகுந்த உரத்தால் வந்தது எது என்பதை ஓரளவு பிரித்தறியலாம்.