மைனர் போட்ட கையெழுத்து: 1903-ல் முடிந்த ஒரு கடன் கதை

தமிழில் மைனர் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது கழுத்தில் சங்கிலியும் ஜிப்பாவுமாகத் திரியும் ஆசாமி. சட்டத்தில் அதற்கு இருக்கும் அர்த்தம் ரொம்ப வறட்சியானது: உரிய வயது நிரம்பாதவர், அவ்வளவுதான். ஆனால் அந்த வறட்சியான அர்த்தத்துக்குப் பின்னால் ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது. ஒரு பையன் கடன் வாங்குகிறான், பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான், பணத்தை எண்ணி வாங்கிக்கொள்கிறான். பிறகு "எனக்கு வயசு வரலை, அதனால பத்திரம் செல்லாது" என்கிறான். கோர்ட் அவன் பக்கம் நிற்க வேண்டுமா?

இந்தியச் சட்டம் "ஆமாம், நிற்க வேண்டும்" என்கிறது. இது எப்படி வந்தது என்று தேடிப்போனால் எல்லாப் பாதையும் கல்கத்தாவில் நடந்த ஒரே வழக்கில் போய் முட்டுகிறது: மோகோரி பீபீ எதிர் தர்மதாஸ் கோஷ்.

முதலில் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10-ம் பிரிவு, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்கள் செய்துகொள்ளும் உடன்பாடுதான் ஒப்பந்தம் ஆகும் என்கிறது. யாருக்குத் தகுதி என்பதை 11-ம் பிரிவு சொல்கிறது: வயது வந்திருக்க வேண்டும், புத்தி சுவாதீனம் இருக்க வேண்டும், வேறு எந்தச் சட்டமும் தடுத்திருக்கக் கூடாது. இதோடு பிரிவு முடிந்துவிடுகிறது. தகுதியில்லாதவர் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று அங்கே ஒரு வரிகூட இல்லை.

அந்த இடைவெளியில்தான் குழப்பம் புகுந்தது. இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, அந்த உடன்பாடு பிறக்கும்போதே செல்லாதது. இன்னொன்று, அது செல்லும், ஆனால் மைனர் விரும்பினால் ரத்து செய்துகொள்ளலாம். பார்க்க ஒரே மாதிரி தெரிந்தாலும் பலன் வேறு. இரண்டாவதுதான் சரி என்றால், ரத்து செய்கிறவர் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 64-ம் பிரிவு சொல்கிறது. அதாவது பையன் பத்திரத்திலிருந்து தப்பினாலும் பணத்திலிருந்து தப்ப முடியாது. முப்பது வருடம் இது தீராமலே ஓடியது.

இப்போ வழக்குக்கு வருவோம். தர்மதாஸ் கோஷுக்குக் கல்கத்தாவில் சொந்த வீடுகள் இருந்தன. ஹைகோர்ட் அவருக்கு அவருடைய தாயைக் கார்டியனாக நியமித்திருந்தது. சாதாரணமாக 18 வயதில் மேஜர் ஆகிவிடலாம். கோர்ட் கார்டியனை நியமித்திருந்தால் அன்றைய சட்டப்படி 21 ஆக வேண்டும். (இந்த 21 கணக்கு 1999-ல் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது எல்லாருக்கும் 18தான்.)

பிரம்மோ தத் என்ற லேவாதேவிக்காரரிடம் 12 சதவீத வட்டிக்கு 20,000 ரூபாய் கடன் பேசி, வீடுகளை அடமானம் வைத்து 1895 ஜூலை 20 அன்று தர்மதாஸ் பத்திரம் எழுதிக் கொடுத்தார். உண்மையில் எவ்வளவு கை மாறியது என்பதிலேயே தகராறு இருந்தது. பிரம்மோ தத் அப்போது ஊரில் இல்லை. எல்லாவற்றையும் முடித்தது அவருடைய வக்கீல் கேதார்நாத் மித்தர்.

கவனிக்க வேண்டிய விஷயம் இங்கேதான். பத்திரத்துக்கு ஐந்து நாள் முன்பே, ஜூலை 15-ல், தாயின் சார்பில் கேதார்நாத்துக்கு ஒரு கடிதம் போயிருந்தது: பையனுக்கு இன்னும் 21 ஆகவில்லை, கடன் கொடுத்தால் அது உங்கள் பொறுப்பு என்று. கடிதமே வரவில்லை என்று கேதார்நாத் சாதித்தார், கோர்ட் நம்பவில்லை. பத்திரம் எழுதிய அன்றைக்கே, "எனக்கு ஜூன் 17-ம் தேதியே வயது வந்துவிட்டது" என்று ஒரு நீளமான உறுதிமொழியிலும் தர்மதாஸிடம் அவர் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். சந்தேகமே இல்லாதவர் இவ்வளவு மெனக்கெடுவாரா?

செப்டம்பர் 10-ல் தாய் மூலமாக தர்மதாஸ் வழக்குப் போட்டார்: அடமானம் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். கல்கத்தா ஹைகோர்ட்டில் ஜெயித்தார், அப்பீலிலும் ஜெயித்தார். இதற்கிடையில் பிரம்மோ தத் இறந்துபோக, அவர் தரப்பினர் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார்கள். 1903 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அவர்கள் வைத்த வாதங்கள் மூன்று.

முதலாவது: பையன் தானே மேஜர் என்று எழுதிக் கொடுத்தான், இப்போது மாற்றிப் பேசக் கூடாது. ஒருவர் சொன்னதை நம்பி இன்னொருவர் ஏமாந்திருந்தால்தான் அந்த விதி வேலை செய்யும். இங்கே வக்கீலுக்கு உண்மை தெரியும். வக்கீலுக்குத் தெரிந்தது, அவரை அமர்த்தியவருக்கும் தெரிந்ததாகவே கணக்கு. ஆக யாரும் ஏமாறவில்லை. (கடன் கொடுத்தவர் நிஜமாகவே ஏமாந்திருந்தாலும், வயதைப் பற்றிச் சொன்ன பொய் ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுத்துவிடாது என்றுதான் பின்னாளில் பெரும்பாலான ஹைகோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன.)

இரண்டாவது: 64-ம் பிரிவின்படி பணத்தையாவது திருப்பித் தரட்டும். இதற்கு வந்த பதில்தான் வழக்கின் உயிர்நாடி. ஒப்பந்தம் இருந்தால்தானே அதை ரத்து செய்ய முடியும்? தகுதி இல்லாதவர் இந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தமே செய்ய முடியாது. இல்லாத ஒன்றை ரத்து செய்வது என்ற பேச்சே கிடையாது. 64, 65 இரண்டும் தகுதியுள்ளவர்களுக்கு நடுவே நடந்ததைப் பற்றிப் பேசுகின்றன.

மூன்றாவது: பத்திரத்தை ரத்து செய்யும்போது, நியாயம் கருதிப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரம் கோர்ட்டுக்கு வேறொரு சட்டத்தில் இருந்தது. அதைப் பயன்படுத்தக் கூடாதா? தெரிந்தே மைனருக்குக் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை வேண்டாம் என்று கீழ்க் கோர்ட்டுகள் முடிவு செய்திருந்தன. அதில் தலையிட பிரிவி கவுன்சில் மறுத்துவிட்டது.

தீர்ப்பைப் படித்ததும் எனக்கு உறுத்தியது, பணம் பையனிடமே தங்கிவிட்டதே என்பது. ஆனால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். "பத்திரம் செல்லாது, ஆனாலும் அசலைக் கொடு" என்பதுதான் விதி என்றால், கடன் கொடுப்பவருக்கு நஷ்டம் வட்டி மட்டும்தான். வீடு வைத்திருக்கும் பையனைத் தேடிப் போவதை அவர் ஏன் நிறுத்துவார்? பையனோ பணத்தைச் செலவழித்திருப்பான். அசலுக்காக வீடு ஏலத்துக்கு வரும். பாதுகாப்பு காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். வயதைச் சரிபார்க்க வேண்டிய சுமையைப் பணம் கொடுப்பவர் தலையில் வைத்ததால்தான் இந்த விதி வேலை செய்கிறது.

சரி, பொய் சொல்லி ஏமாற்றிய பையனையும் இப்படி விடலாமா? 1928-ல் லாகூர் ஹைகோர்ட், வாங்கியதைத் திருப்பிக் கொடு என்றது. 1937-ல் அலகாபாத் ஹைகோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. பணமாகத் திருப்பித் தரச் சொல்வது, ஒப்பந்தத்தைப் பின்வாசல் வழியாக நிறைவேற்றுவதுதான் என்றது. கடைசியில் 1963-ம் வருட குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 33-ம் பிரிவு நடுவழி ஒன்றைப் போட்டது: வயதைக் காட்டி வழக்கிலிருந்து தப்பும் மைனர், அவரோ அவர் சொத்தோ எவ்வளவு பலன் அடைந்ததோ அந்த அளவுக்குத் திருப்பித் தர கோர்ட் உத்தரவிடலாம்.

இன்றைய உதாரணம் ஒன்று. 17 வயதுப் பையன் 50,000 ரூபாய் கைமாற்று வாங்குகிறான். கொடுத்தவர் நோட்டை வைத்து வழக்குப் போட்டால் தோற்பார். அந்தப் பணத்தில் பையன் வாங்கிய பொருள் அவனிடமே இருந்தால், 33-ம் பிரிவின்படி கேட்டுப் பார்க்கலாம். பணம் உணவு, படிப்பு, வைத்தியம் மாதிரி அவன் நிலைமைக்கு அவசியமானவற்றுக்காகக் கொடுக்கப்பட்டது என்றால், ஒப்பந்தச் சட்டத்தின் 68-ம் பிரிவில் வழி உண்டு. ஆனால் அவன் சொத்திலிருந்துதான் எடுக்க முடியும். சொத்து இல்லையென்றால் ஆளைப் பிடித்துக் கேட்க முடியாது. 18 ஆனதும் "அந்தப் பழைய கடனை ஒத்துக்கறேன்" என்று எழுதி வாங்கினாலும் பலன் இல்லை. பிறக்காத ஒன்றுக்குப் பின்னால் உயிர் கொடுக்க முடியாது.

தலைப்பு "மைனருக்கு எதிராக" என்பதோடு நிற்பதையும் சொல்லிவிட வேண்டும். 1917 வாக்கில் வெளியான சென்னை ஹைகோர்ட் முழு அமர்வின் தீர்ப்பு ஒன்றில் கதை தலைகீழ்: பணம் கொடுத்து அடமானம் எழுதி வாங்கியவர் மைனர். அவர் தரவேண்டியதை முழுசாகத் தந்தாயிற்று, இனி அவர் செய்ய வேண்டியது எதுவும் பாக்கியில்லை. அந்த அடமானம் செல்லும் என்றது கோர்ட். தர்மதாஸைக் காப்பாற்றிய அதே விதியைக் காட்டி, மைனரிடம் கடன் வாங்கியவர் தப்பிக்க முடியாது.