லிண்டலில் நிற்கும் பள்ளிக்கூடம்: நிதி கொடுத்தவருக்கு எப்படி எழுதுவது?

கிராமப் பள்ளிக்கு வகுப்பறை கட்ட ஒரு நிறுவனம் பணம் கொடுக்கிறது. கட்டும் வேலையை ஒரு தொண்டு நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. ஆறு மாதம் கழித்து முன்னேற்ற அறிக்கை போகிறது: "பணிகள் 60 சதவீதம் முடிந்துள்ளன. முதல் தவணையில் 95 சதவீதம் பயன்படுத்தப்பட்டது. மழை காரணமாகச் சிறிது தாமதம்." மூன்று வரியில் பொய் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இதைப் படிப்பவருக்குத் தளம் போட்டாயிற்றா, கையில் பணம் இருக்கிறதா, ஜூனில் பிள்ளைகள் உள்ளே உட்காருவார்களா என்ற எதுவும் தெரியாது.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் பூமியில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இரண்டு வகுப்பறையும் ஒரு கழிவறையும் கட்ட 30 லட்சம் ரூபாய். முதல் தவணையாக 12 லட்சம் ஏப்ரலில் வந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில் தளம் போடுவதாக ஒப்பந்தம். அக்டோபர் முடிகிறது, கட்டடம் லிண்டலைத் தாண்டி, தளம் போடாமல் நிற்கிறது.

முதலில் வேலையின் நிலை. சதவீதத்தில் சொல்வதை நான் ஏற்பதில்லை. அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று கொத்தனார் சொல்லும் படிகளிலேயே எழுத வேண்டும். அந்த ஊர் வழியாகப் போகிற யாரும் அண்ணாந்து பார்த்து "ஆமாம், லிண்டல் வரை வந்திருக்கிறது" என்று சொல்லிவிடலாம். 60 சதவீதத்தை அப்படி யாராலும் பார்க்க முடியாது. ஒவ்வொரு படிக்கும் ஒப்புக்கொண்ட தேதி, நடந்த தேதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் போதும். புகைப்படமும் ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நின்று எடுத்ததாக இருக்க வேண்டும். அப்போதுதான் சுவர் வளர்வது தெரியும்.

அடுத்தது செலவு. பெரும்பாலான அறிக்கைகள் தடுமாறுவது இங்கேதான். நம் கணக்கில், வங்கியிலிருந்து இதுவரை வெளியே போனது 11 லட்சத்து 40 ஆயிரம். 12 லட்சத்தில் அது 95 சதவீதம். ஆனால் அந்தப் பணம் எல்லாம் சுவராக மாறிவிடவில்லை. பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்த வேலைக்குக் கொடுத்தது 8 லட்சத்து 10 ஆயிரம். தளத்துக்காக வாங்கி வைத்திருக்கும் கம்பியும் சிமென்ட்டும் 2 லட்சத்து 10 ஆயிரம். கதவு, ஜன்னலுக்கு முன்பணம் 80 ஆயிரம். மேற்பார்வைக்கும் மண் பரிசோதனைக்கும் 40 ஆயிரம்.

மீதம் 60 ஆயிரம் இருப்பதாகக் கணக்குப் புத்தகம் சொல்லும். அதையும் நம்பிவிடக் கூடாது. லிண்டலுக்கு மேலே கட்டிய செங்கல் வேலைக்கு 90 ஆயிரம் ரூபாய் பில் வந்து, அளந்தும் ஆயிற்று. இன்னும் பணம் கொடுக்கவில்லை. ஆக உண்மை நிலை, 30 ஆயிரம் பற்றாக்குறை. முடிந்த வேலைக்குக் கொடுத்தது, கையிருப்புப் பொருள், முன்பணம், கொடுக்க வேண்டிய பாக்கி என்று பிரித்து எழுதினால் நிதி கொடுத்தவர் ஒரே பார்வையில் இதைப் பிடித்துவிடுவார். "95 சதவீதம் பயன்படுத்தப்பட்டது" என்று எழுதினால் பிடிக்க முடியாது. கையிருப்பில் இருக்கும் சிமென்ட்டைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். மழைக்காலத்தில் மூட்டை ஈரம் பிடித்துக் கட்டிதட்டிவிட்டால் அது கையிருப்பே அல்ல, நஷ்டம். வேறு வேலைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, தளம் போடும்போது புது மூட்டை வாங்கிக்கொள்வதே நல்லது.

இனி தாமதம். "மழை காரணமாக" என்ற சொற்றொடரை இந்த அறிக்கையில் நான் அனுமதிக்க மாட்டேன். நடந்தது என்னவென்று வரிசையாகப் பார்ப்போம். புதுக் கட்டடம் எழ வேண்டிய இடத்தில் பழைய கட்டடம் இருந்தது. அது ஆபத்தானது என்ற பொறியாளரின் சான்றும் இடிப்பதற்கான அனுமதியும் கைக்கு வர, திட்டமிட்டதைவிட ஏழு வாரம் கூடுதலாக ஆனது. தோண்டியபோது நாலடிக்குக் கீழும் கரிசல். கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் அஸ்திவாரம் நின்றால் சுவர் விரிசல் விடும். எனவே ஆறடிக்குத் தோண்ட வேண்டியதாயிற்று. அதற்கு இரண்டு வாரம், 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கூடுதல். ஒன்பது வாரம் தள்ளியதால் செப்டம்பர் முதல் வாரத்துத் தளம் நவம்பர் முதல் வாரத்துக்கு வந்து, வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொண்டது.

மழை இங்கே விளைவுதான். மழைக்குள் போய் விழும்படி வேலை பிந்தியதற்கு அனுமதியும் மண்ணும் காரணம். அதிலும் மண் தவிர்த்திருக்கக்கூடிய காரணம். மதிப்பீடு போடும் முன்பே இரண்டு இடத்தில் குழி தோண்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதை அறிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். அடுத்த கிராமத்தில் அதே நிறுவனம் பணம் கொடுக்கும்போது முதல் வேலையாகக் குழி தோண்டச் சொல்லும்.

இதை நவம்பரிலேயே சொல்வதற்குச் சட்ட ரீதியான காரணமும் உண்டு. நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். மார்ச் 31-க்குள் செலவாகாத பணம் 'நடந்துகொண்டிருக்கும் திட்டம்' ஒன்றுக்கு உரியதென்றால், 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம். அப்படி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிப்பிட்டுள்ள ஏதாவது ஒரு மத்திய அரசு நிதிக்குப் போய்விடும்; அந்தப் பள்ளிக்கு அது திரும்பி வராது. ஓராண்டுத் திட்டமாகத் தொடங்கியதை நீட்டித்து இந்த வகையில் சேர்க்க நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணம் இயக்குநர் குழுவின் மேசைக்கு வருவது தாமதத்தைப் பற்றி நாம் எழுதும் பத்தியிலிருந்துதான். "சிறிது தாமதம்" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் தீர்மானம் போட முடியாது. மார்ச் கடைசியில் எழுதினால் படிக்கவே நேரம் இருக்காது.

புதுத் தேதிகளையும் ஆசைப்பட்டுப் போடக் கூடாது. மழையில் தளம் போட்டால் கான்கிரீட்டின் சிமென்ட் பால் கழுவிக்கொண்டு போகும். முட்டுக்கொடுத்த தரை ஊறி சென்ட்ரிங் இறங்கும். ஆகவே தளம் ஜனவரி இரண்டாவது வாரம். 20 அடி அகல வகுப்பறைத் தளத்துக்கு முட்டுகளைக் குறைந்தது 14 நாள் எடுக்கக் கூடாது. 6 மீட்டருக்கு மேல் நீளும் பீம் என்றால் 21 நாள். அதற்குப் பிறகு பூச்சு, தரை, மின்சாரம், வர்ணம். இப்படிக் கூட்டினால் ஏப்ரல் கடைசியில் முடியும், ஜூனில் பள்ளி திறக்கும்போது உள்ளே போகலாம்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கேட்க வேண்டியதை நேராகக் கேட்க வேண்டும். நம் கணக்கில் மூன்று விஷயங்கள். முடியும் தேதியை ஏப்ரல் 30-க்கு மாற்றி, திட்டத்தை நடந்துகொண்டிருக்கும் திட்டமாக அங்கீகரிக்க வேண்டும். இரண்டாவது தவணையை டிசம்பர் கடைசிக்குள் விட வேண்டும். இல்லையென்றால் ஜனவரியில் கொத்தனார் கிடைத்தாலும் கொடுக்கப் பணம் இருக்காது. அஸ்திவாரத்துக்குக் கூடுதலாக ஆன 1 லட்சத்து 60 ஆயிரத்தை யார் ஏற்பது என்று முடிவெடுக்க வேண்டும். இந்த மூன்றாவதற்குச் சுலபமான வழி கழிவறையைச் சிறிதாக்குவது. பலர் அதைத்தான் செய்வார்கள். அப்படிச் செய்வதாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, பெண் பிள்ளைகளின் அம்மாக்களிடம் முதலில் கேட்டுவிட்டு, அந்தத் தீர்மானத்தின் நகலை அறிக்கையோடு இணைக்க வேண்டும்.