தண்டல் நூறும் ஆர்.டி. நூறும்

சந்தைக்குள் தெருமுனை நாடகம் போடுபவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே அதிகம். வியாபாரி கடையை விட்டு எழுந்து வரமாட்டார். சரக்கு கேட்டு ஒருவர் வந்து நின்றால் அவர் கவனம் அந்தப் பக்கம் போய்விடும். அதனால் ஒரே ஒரு கணக்கைத்தான் சொல்ல முடியும். அஞ்சலகத்தின் ஆர்.டி. சேமிப்பைச் சொல்வதென்றால், அவருக்கு நன்றாகத் தெரிந்த தண்டலிலிருந்து தொடங்கலாம்.

(பறை பத்து விநாடி ஒலித்து நிற்கிறது. காய்கறிக் கடை அக்கா அமர்ந்திருக்கிறார்.)

தண்டல்காரர்: அக்கா, தண்டல்!

அக்கா: இந்தா தம்பி, நூறு. இன்னியோட நூறு நாள் முடிஞ்சுது.

தண்டல்காரர்: அடுத்த பத்தாயிரம் தரட்டுமா?

பக்கத்துக் கடைக்காரர்: இருங்கக்கா. போன தடவை கையில எவ்வளவு வந்துச்சு?

அக்கா: ஆயிரம் பிடிச்சுக்கிட்டு ஒம்பதாயிரம்.

கடைக்காரர்: கட்டினது?

அக்கா: பத்தாயிரம்!

கடைக்காரர்: (டப்பாவை நீட்டி) அதே நூறை தெனம் இதுல போடுங்க. மாசம் மூவாயிரம். போஸ்ட் ஆபீஸ்ல ஆர்.டி. கட்டுங்க. அஞ்சு வருஷத்துல நீங்க கட்டுறது ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேல. வர்றது ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம்.

அக்கா: நடுவுல யாவாரம் படுத்துட்டா?

கடைக்காரர்: ஒரு மாசம் தவறினா நூத்துக்கு ஒரு ரூபா அபராதம். மூவாயிரத்துக்கு முப்பது. தொடர்ந்து நாலு மாசம் விட்டுடாதீங்க.

அக்கா: மூவாயிரம் எனக்கு அதிகம்பா.

கடைக்காரர்: மாசம் நூறுலேருந்தே தொடங்கலாம்.

(பறை.)

நாடகத்தின் உயிர் ‘யாவாரம் படுத்துட்டா?’ என்ற கேள்விதான். வியாபாரியின் வருமானம் மழைக்கும் விலைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். அந்தப் பயத்துக்குப் பதில் இல்லாவிட்டால் லட்சக் கணக்கு காதில் ஏறாது. டப்பா காட்டுவதற்கும் காரணம் உண்டு. ஆர்.டி. மாதத் தவணை; நூறு நூறாகச் சேர்த்து வைக்க ஓர் இடம் வேண்டும்.

கடைக்காரர் சொல்லும் தொகை 6.7 சதவீத வட்டிக்குரியது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைப் பரிசீலிப்பதால், நாடகம் போடும் அன்றைய விகிதத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். கணக்குத் தொடங்கியவருக்கு அன்றிருந்த விகிதமே ஐந்து ஆண்டும் நிற்கும்.

நாடகம் முடிந்ததும் குழுவினர் கடை கடையாகப் போய் மீதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுக்கு முன் கணக்கை முடிக்க முடியாது. அதன்பின் இடையில் முடித்தால் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான். ஓராண்டுத் தவணை கட்டியபின் இருப்பில் பாதிவரை கடன் வாங்கலாம். ஆகவே நாளைய கொள்முதலுக்கு வேண்டிய பணத்தை இதில் போடக் கூடாது. முகவரிடம் கட்டுகிறவர் மாதாமாதம் பாஸ்புக்கில் பதிவைப் பார்க்க வேண்டும்.

அப்போதே ஒருவரிடம் கேளுங்கள்: “ஒரு மாசம் தவறினா எவ்வளவு அபராதம்?” பதில் வராவிட்டால், அடுத்த முனைக்குப் போகுமுன் வசனத்தைக் குறைத்து அந்த வரியை இருமுறை சொல்லுங்கள்.