ஊறுகாய்க்கும் உண்டு செய்கூலி, சேதாரம்

நகைக்கடையில் தங்கத்தின் விலையோடு செய்கூலி, சேதாரம் என்று இரண்டு வரிகள் சேர்த்துப் போடுவார்கள். முணுமுணுத்துக்கொண்டாவது கொடுத்துவிட்டு வருவோம். அதே வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கும்போது மட்டும் இந்த இரண்டு வரிகளும் கணக்கில் ஏறுவதே இல்லை.

சேலத்தில் என் சித்தி மாங்காய்த் தொக்கு கிளறி விற்கிறார். 300 கிராம் பாட்டில் 110 ரூபாய். "பாட்டிலுக்கு 26 ரூபாய் நிக்குது. ஆனா சீசன் முடிஞ்சு பார்த்தா கையில காசே இல்லைடா" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தடவை கிளறுவதற்கு ஆகும் செலவை முழுதாக எழுதினோம். இதில் வரும் விலைகள் அன்று அவர் வாங்கியவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே வழியில் நீங்களும் எழுதிப் பார்க்கலாம்.

மாங்காய் 10 கிலோ, கிலோ 40 வீதம் 400 ரூபாய். நல்லெண்ணெய் 2 லிட்டர், 760 ரூபாய். வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் 650 கிராம், 195 ரூபாய். உப்பு, வெந்தயம், கடுகு, மஞ்சள்தூள், பெருங்காயம், கொஞ்சம் வெல்லம் எல்லாம் சேர்ந்து 170. ஆக 1,525 ரூபாய். அடுப்பு எரிந்த கேஸுக்கும் மிக்ஸி ஓடிய கரண்டுக்கும் 75 சேர்த்தால் 1,600.

இதிலேயே ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. சித்தி தினமும் விசாரிப்பது மாங்காய் விலையை. செலவில் பாதியைத் தின்பதோ எண்ணெய். மாங்காய் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் 100 ரூபாய் கூடுகிறது. எண்ணெய் லிட்டருக்கு 50 ரூபாய் ஏறினாலும் அதே 100தான். மாங்காய் மலிவாகக் கிடைத்தது என்று பழைய விலைக்கே கொடுக்கும் வருடம், எண்ணெய் ஏறியிருந்தால் லாபம் அதில் வழுக்கிப் போய்விடும்.

அடுத்தது சேதாரம். பத்து கிலோ மாங்காயில் தோலும் கொட்டையும் போக, துருவல் ஆறரை கிலோதான் தேறியது. கிளறும்போது அதன் தண்ணீர் சுண்டும். எண்ணெயும் காரமும் உப்பும் சேர்ந்து இறக்கியபோது ஏழரை கிலோ. வாணலியில் ஒட்டியது, கரண்டியில் போனது, ருசி பார்க்கக் கொடுத்தது எல்லாம் கழித்து, கடைசியில் நிரம்பியவை 24 பாட்டில்கள். அதனால் வாங்கிய மாங்காயின் எடையை வைத்து விலை போடக்கூடாது. நிரம்பிய பாட்டில்களை எண்ணித்தான் வகுக்க வேண்டும்.

நிரப்பும்போதும் சேதாரம் உண்டு. சித்தி கண்ணளவில் அமுக்கி நிரப்பிய ஒரு பாட்டிலைத் தராசில் வைத்துப் பார்த்தோம். காலிப் பாட்டிலின் எடையைக் கழித்தால் 312 கிராம். பாட்டிலுக்குப் பன்னிரண்டு கிராம் கூடுதலாகப் போனால், 24 பாட்டிலில் கிட்டத்தட்ட ஒரு பாட்டிலுக்கான தொக்கு காணாமல் போகிறது. குறைவாக நிரப்புவதும் தவறு. லேபிளில் போட்ட நிகர எடை உள்ளே இருந்தாக வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இரண்டு பக்கமும் காக்கும்.

இனி செய்கூலி. மார்க்கெட் போய்வர ஒரு மணி நேரம், கழுவித் துடைத்துத் தோல் சீவித் துருவ மூன்று, வறுத்து அரைத்துக் கிளற மூன்று, பாட்டில்களைச் சுத்தம் செய்து நிரப்பி லேபிள் ஒட்ட இரண்டு. மொத்தம் ஒன்பது மணி நேரம். "நான் செய்யறதுக்கு யார்கிட்ட கூலி கேக்கறது?" என்றார் சித்தி. "நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யாரை வைத்துக் கிளறுவீர்கள், அவருக்கு என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன். மணிக்கு 60 ரூபாயாவது கேட்பார்கள் என்றார். அப்படியென்றால் 540 ரூபாய். அதுதான் சித்தியின் கூலியும். கூலி உழைத்த கைக்கு உரியது. லாபம் தொழிலுக்கு உரியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் கூலியையே லாபம் என்று நினைத்துக்கொள்வோம்.

கண்ணாடிப் பாட்டில், மூடி, சீல், லேபிள், அட்டைப்பெட்டியில் ஒரு பங்கு என்று பேக்கிங் பாட்டிலுக்கு 20 ரூபாய், மொத்தம் 480. பாத்திரம், மிக்ஸித் தேய்மானம், ஆட்டோ, உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு ஆகியவற்றுக்கு 120. எல்லாம் கூட்டினால் 2,740 ரூபாய்.

இதை 24 ஆல் வகுக்கவில்லை. 23 ஆல் வகுத்தோம். ஈரம் சரியாகக் காயாத பாட்டிலில் பூஞ்சை பிடிக்கும், மூடி இறுகாமல் எண்ணெய் கசியும், வழியில் ஒன்று உடையும். 24க்கு ஒன்று போகும் என்பது சித்தியின் அனுபவம். ஆக ஒரு பாட்டிலின் அடக்கவிலை 119 ரூபாய் சொச்சம்; 120 என்று வைத்துக்கொள்ளலாம். அவர் விற்றுவந்ததோ 110க்கு. மாங்காய், எண்ணெய், மசாலா, பாட்டில் ஆகியவற்றை மட்டும் எழுதியதால் அவருக்கு 26 ரூபாய் லாபம் தெரிந்தது. விடுபட்டதையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஒன்பது மணி நேர உழைப்புக்கு மிஞ்சியது 330 ரூபாய். மணிக்கு 37 ரூபாய்கூட இல்லை.

அடக்கவிலை தெரிந்துவிட்டது, லாபம் சேர்க்க வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். 120க்கு 25 சதவீதம் சேர்த்து 150 என்று வைத்தால், நேரில் வந்து வாங்குபவருக்கு விற்கும்வரை சரி. தெருமுனைக் கடைக்காரர் கால் பங்கு கமிஷன் கேட்டால்? அவர் கேட்பது விற்பனை விலையில் 25 சதவீதம். 150ல் 37 ரூபாய் 50 காசு அவருக்குப் போனால் சித்தி கைக்கு வருவது 112 ரூபாய் 50 காசு. அடக்கவிலையைவிடக் குறைவு. விற்க விற்க நஷ்டம்.

எனவே விற்பனை விலையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். விலை 100 என்றால் கடைக்கு 25, தொழிலின் லாபம் 15, மீதி 60தான் அடக்கவிலைக்கு. 120ஐ 60 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் 200 ரூபாய். சரிபார்க்கலாம்: கடைக்கு 50, சித்திக்கு 150, அதில் செலவு 120, லாபம் 30. லேபிளில் அச்சிட வேண்டிய அதிகபட்ச விலை இதுதான். வீட்டில் வாங்குபவருக்கு மட்டும் 150க்குக் கொடுத்தால் கடைக்காரர் அடுத்த முறை எடுக்க மாட்டார். பழகியவர்களுக்குப் பத்து இருபது குறைக்கலாம். அதற்கு மேல் இறங்கக்கூடாது.

"இருநூறு ரூபாயா! யாருடா வாங்குவா?" என்று சித்தி மலைத்தார். நியாயமான கேள்விதான். எல்லாத் தெருவிலும் அந்த விலை போகாது. ஆனால் அதற்காக முதலில் கூலியை வெட்டாமல், செலவு எங்கே இளகும் என்று பார்த்தோம். தொக்குக்குப் பதிலாக வெட்டு மாங்காய் போட்டால் துருவும் வேலை இல்லை, தண்ணீர் சுண்டும் நட்டமும் இல்லை. எண்ணெயைப் பதினைந்து லிட்டர் டின்னாக வாங்கினால் லிட்டருக்குக் கொஞ்சம் குறையும். இருபது கிலோவாகச் செய்தால் மார்க்கெட் போய்வரும் நேரமும் ஆட்டோவும் பாதியாகும். 150 கிராம் பாட்டில் போட்டால் வாங்குபவர் கையில் விலை சிறிதாகத் தெரியும். ஆனால் பாட்டில், லேபிள் செலவு பாதியாகாது என்பதால் அதன் விலை நூறுக்குச் சற்று மேலேதான் வரும்.

இந்த சீசனுக்கு சித்தி இரண்டையும் போடுகிறார். வெட்டு மாங்காய் கடைக்கு. தொக்கு 200 ரூபாய்க்கு, கேட்டு வருபவர்களுக்கு மட்டும். நோட்டில் முதல் வரியாக இப்போது அவர் எழுதுவது மாங்காய் விலையை அல்ல. "கூலி, 9 மணி, 540."