சூட்டைத் தாங்கும் டப்பா, கறையைத் தடுக்காது

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துச் சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா சந்திக்கும் சோதனைகள் மூன்று: மிளகாய் வத்தல், எண்ணெய், வெயில். மானாவாரிக் கரிசலில் விளையும் வத்தலை அரைத்துச் சேர்த்த புளிக்குழம்பும் கருவாட்டுக் குழம்பும், எண்ணெய் மேலே மிதக்க, காட்டு வேலைக்கும் மில்லுக்கும் டப்பாவில் போகின்றன. மதியம் திறக்கும் வரை அந்த டப்பா நாற்பது டிகிரியை நெருங்கும் வெயிலில் கிடக்கலாம். இங்கே டப்பா வாங்குபவருக்குக் கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “அடியில் அஞ்சாம் நம்பர் இருக்கா பாருங்க, போதும்.” இது பாதி உண்மை. ஐந்தாம் எண் சூட்டைத் தாங்கும்; ஆனால் கறையையும் வாடையையும் தடுக்காது. அவற்றை ஓரளவு தடுக்கும் ஒன்றாம் எண்ணோ சூட்டைத் தாங்காது. ஆகவே நல்ல எண் எது என்று கேட்பதை விட, எந்த எண்ணில் எதைப் போடலாம் என்று கேட்பதே சரி.

முக்கோணத்துக்குள் இருக்கும் எண் சமையலறைக்காக உருவானதல்ல. 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் அமைப்பு, குப்பையில் சேரும் பிளாஸ்டிக்கை வகை பிரிப்பதற்காக இதைக் கொண்டுவந்தது. 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், 2 கெட்டியான பாலிஎதிலீன், 3 பி.வி.சி.; 4 வளையும் பாலிஎதிலீன்; 5 பாலிபுரொப்பிலீன், அதாவது பி.பி.; 6 பாலிஸ்டைரீன்; இந்த ஆறிலும் சேராத எல்லாம் 7. எண் சொல்வது பொருளின் குலத்தை மட்டுமே. அதில் கலந்த நிறமும் சேர்மானங்களும் உணவுக்கு உகந்தவையா என்பதை அது சொல்லாது. குளியலறை வாளியிலும் 5 இருக்கலாம். அதனால் எண்ணோடு கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த உணவுக் குறியையும், தாங்கும் வெப்ப அளவையும், தயாரிப்பாளர் பெயரையும் தேடவேண்டும். மூடியைத் தனியாகத் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். டப்பா 5 ஆகவும் மூடி 4 ஆகவும் இருப்பது சாதாரணம். அப்படியானால் சூட்டைப் பொறுத்தவரை அந்த ஜோடியின் எல்லை மூடியின் எல்லைதான்.

முதலில் சூடு. பி.பி. உருகுவதற்கு 160 டிகிரி செல்சியஸ் அளவு வேண்டும். கொதித்து இறக்கிய சோறோ குழம்போ நூறு டிகிரியைத் தாண்டுவது அரிது. அதனால் ஐந்தாம் எண் டப்பா வடிவம் மாறாமல் நிற்கிறது. பெட் அப்படியல்ல. சுமார் 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். கடலை மிட்டாயோ பிஸ்கட்டோ வந்த கண்ணாடி போன்ற ஜாடியில் சூடான ரசத்தை ஊற்றினால் அடி சுருங்கிக் கோணுவது இதனால்தான். ஆறாம் எண்ணுக்குச் சூடும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. ஏழாம் எண்ணில் தாங்குவதும் உண்டு, தாங்காததும் உண்டு. பொருளின் பெயர் தனியாக எழுதப்படாவிட்டால் தவிர்ப்பதே நல்லது.

அடுத்தது கறை. புளிக்குழம்பு ஊற்றிய ஐந்தாம் எண் டப்பாவைக் கழுவிப் பார்த்தால், சிவப்பு எல்லா இடத்திலும் ஒரேமாதிரி படிந்திருக்காது. குழம்பின் மேல்மட்டம் நின்ற இடத்தில் ஒரு வளையமாக அழுத்தமாகத் தெரியும். எண்ணெய் மிதந்த இடம் அது. மிளகாயின் சிவப்பும் மஞ்சளின் மஞ்சளும் தண்ணீரில் சரியாகக் கரையாதவை, எண்ணெயில் கரைபவை. பி.பி.யும் எண்ணெயைப் போன்ற இயல்புடையது. அதன் மூலக்கூறு இழைகள் அறை வெப்பத்திலேயே ஓரளவு தளர்வாக அசைந்துகொண்டிருக்கும். சூடு ஏறினால் இன்னும் தளரும். சூடான எண்ணெய் அந்த இடைவெளிகளுக்குள் நிறத்தைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு சோப்புப் போட்டாலும் மேற்பரப்புதான் சுத்தமாகும். நாரால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழுந்து, அடுத்த கறை ஒளிந்துகொள்ள இடம் கூடும். பயன் தருவது இந்த ஊர் வெயில்: கழுவிய டப்பாவைச் சில மணி நேரம் வெயிலில் கவிழ்க்காமல் வைத்தால் அந்த நிறங்கள் ஒளியில் சிதைந்து வெளுக்கும். நெடுங்காலம் வெயிலிலேயே விட்டால் பி.பி.யே நொறுங்கத் தொடங்கும்.

வெளுத்தது நிறம் மட்டும்தான் என்பதை மறக்கக்கூடாது. உள்ளே போன எண்ணெய் அங்கேயே இருந்து சிக்குவாடையாக மாறும். பெருங்காயம், கருவாடு, பூண்டு இவற்றின் வாடையும் அதே வழியில்தான் நுழைகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கழுவி நன்றாகக் காய்ந்த டப்பாவை மூடி ஒரு நாள் வைத்துவிட்டுத் திறந்தவுடன் முகர்ந்து பார்க்கவேண்டும். வாடை வந்தால் முதலில் மூடியின் வாஷரைக் கழற்றி அதைத் தனியே முகரவேண்டும். சிலிக்கான் வாஷர் பி.பி.யை விட வேகமாக வாடையை உள்ளே விடும். பல டப்பாக்களில் குற்றவாளி அதுதான். பெட் இந்த விஷயத்தில் நேர் எதிர். அறை வெப்பத்தில் அதன் இழைகள் இறுகி நிற்பதால் வாடையும் நிறமும் எளிதில் புகாது. வத்தல் பொடி, மல்லிப் பொடி, காப்பிப் பொடி போன்ற சூடில்லாத உலர்ந்த பொருள்களுக்குச் சுத்தமான ஒன்றாம் எண் ஜாடி ஐந்தாம் எண்ணை விடப் பொருத்தமானது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். கறை சமையல் நிறம்தானே, விஷமல்லவே என்பது ஒன்று. உண்மைதான்; அந்தச் சிவப்பால் தீங்கில்லை. ஆனால் கறை ஒரு தடயம். எண்ணெய் உள்ளே போன வழியாகவே பிளாஸ்டிக்கின் சேர்மானங்கள் வெளியே உணவுக்குள் வரமுடியும். அதைக் கூட்டுபவை சூடு, எண்ணெய், நேரம் ஆகிய மூன்றும். இப்படி வெளிவருவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுப் பொதிவு விதிமுறை, ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம் என வரம்பு வைத்திருக்கிறது. நல்ல டப்பா வரம்புக்குள் நிற்கும். கீறி, மங்கி, பிசுபிசுப்பாகிவிட்ட பழைய டப்பாவுக்கு அந்த உறுதியை யாரும் தரமுடியாது. இரண்டாவது மறுப்பு, எவர்சில்வர் இருக்கும்போது இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்பது. குழம்பைப் பொறுத்தவரை இந்த மறுப்பு முழுக்க நியாயமானது, ஊறுகாய்க்குக் கண்ணாடியும் பீங்கான் ஜாடியும் இருப்பது போல. ஆனால் பள்ளிப் பிள்ளையின் பைக்குக் கனம் குறையவேண்டும், பொடிக்குக் காற்றுப்புகாத மூடி வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன என்று தெரியவேண்டும். அங்கெல்லாம் பிளாஸ்டிக் நியாயமாகவே இடம் பிடித்திருக்கிறது.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொடுப்பதுதான் தீர்வு. தயிர்சோறு, இட்லி, எலுமிச்சைச் சோறு போன்ற எண்ணெய் குறைந்தவற்றுக்கு, சற்று ஆறவிட்டபின், ஐந்தாம் எண். உலர்ந்த பொடிக்கும் பருப்புக்கும் ஒன்றாம் எண், அதுவும் அடுப்புக்குத் தள்ளி. சூடான எண்ணெய்க் குழம்புக்கும் கருவாட்டுக்கும் எவர்சில்வர். கருவாடோ பெருங்காயமோ ஒருமுறை ஏறிய பிளாஸ்டிக்கை அதற்கே ஒதுக்கிவிடவேண்டும்; தயிருக்குத் திருப்பக்கூடாது. சந்தையில் எண்ணே இல்லாத டப்பா மலிவாகக் கிடைத்தால் திறந்து முகர்ந்து பார்க்கவேண்டும்: புது டப்பாவிலேயே மண்ணெண்ணெய் போன்ற நெடி அடித்தால், பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்ததாகவும் இருக்கலாம். அதில் துணி கிளிப்பு போடலாம், சோறு போடவேண்டாம்.