ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்தால்

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1999-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையுள்ள 1,31,746 பெண்களை ஊர் வாரியாக நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு ஹெச்.பி.வி. பரிசோதனை, அடுத்ததற்குப் பாப் ஸ்மியர், மூன்றாவதற்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனை. நான்காவது குழுவுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும். சோதனை ஒரே ஒரு முறைதான். எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், கருப்பை வாய்ப் புற்றுநோயால் நான்காவது குழுவில் 64 பேர் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய அதே அளவுள்ள ஹெச்.பி.வி. குழுவில் 34 பேர். மற்ற இரண்டு குழுக்களிலும் உறுதியாகச் சொல்லும்படியான குறைவு இல்லை. (அசிட்டிக் அமிலச் சோதனையை ஒதுக்கிவிடவும் முடியாது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த இன்னோர் ஆய்வில் அது இறப்பை 35 சதவீதம் குறைத்தது.)

பாப் ஸ்மியரோ ஹெச்.பி.வி.யோ, மருத்துவர் செய்வது ஒன்றுதான். கருப்பை வாயில் சிறு பிரஷ்ஷைச் சுழற்றிச் செல்களை எடுக்கிறார். லேப் எதைத் தேடுகிறது என்பதில்தான் வேறுபாடு.

பாப் ஸ்மியரில் ஒருவர் மைக்ராஸ்கோப்பில் செல்களைப் பார்க்கிறார். உட்கரு பெருத்து, கறுத்து, கோணலாகி இருக்கிறதா என்று தேடுகிறார். மாறிய செல்லைப் பிரஷ் தொடாமல் போயிருக்கலாம். ரத்தமும் சீழும் மறைத்திருக்கலாம். பார்ப்பவரின் கண்ணும் சோர்ந்திருக்கலாம். ஒருமுறை தப்பியது அடுத்த முறை சிக்கும் என்ற கணக்கில்தான் அதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறார்கள். அப்படித் தவறாமல் வரவழைக்க முடிந்த நாடுகளில் அது நோயை வெகுவாகக் குறைத்தது. நம் ஊரில் ஒருமுறை வருவதே பெரிய காரியம்.

ஹெச்.பி.வி. சோதனை செல்லின் உருவத்தைப் பார்ப்பதில்லை. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சுமார் 14 வகை வைரஸ்களின் மரபணுவை இயந்திரம் தேடுகிறது. செல் மாறுவதற்கு ஆண்டுக்கணக்கில் முன்பே வைரஸ் வந்துவிடுவதால், இதில் நெகட்டிவ் என்றால் ஐந்து ஆண்டுக்காவது கவலையில்லை. பெண்ணுறுப்பிலிருந்து பெண் தானே எடுத்துத் தரும் மாதிரியும் இதற்குப் போதும். பாப் ஸ்மியருக்கு அது உதவாது.

சிக்கல் பாசிட்டிவ் வரும்போதுதான். வைரஸ் இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. பெரும்பாலானோருக்கு உடலே ஓரிரு ஆண்டுகளில் அதை அடக்கிவிடும். அது பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டும் தலைகாட்டும். ஆகவே எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. கணவன் மனைவிக்குள் சண்டை மூட்ட இந்தக் காகிதம் ஆதாரமாகாது.

38 வயதுப் பெண் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி, எந்த வகை? கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 ஆகிய இரண்டு வகைகளே காரணம். அவை என்றால் நேராகக் கால்போஸ்கோபிக்கு அனுப்புவார்கள். இவருக்கு வந்தது மற்ற வகை. அதனால் பாப் ஸ்மியர் பார்க்கிறார்கள். செல்கள் சரியாக இருக்கின்றன. மருந்து எதுவும் இல்லை, ஓராண்டு கழித்து மறுபடி சோதனை. வைரஸைக் கொல்ல மாத்திரை கிடையாது என்பதால் இந்தக் காத்திருப்பு அலட்சியமல்ல.

ஓராண்டுக்குப் பிறகும் பாசிட்டிவ். இப்போது கால்போஸ்கோபி: அசிட்டிக் அமிலம் தடவி, உருப்பெருக்கி வழியாகக் கருப்பை வாயைப் பார்ப்பது. வெளுத்துத் தெரியும் இடத்தில் அரிசி அளவு திசுவைக் கிள்ளி பயாப்சிக்கு அனுப்புகிறார்கள். சி.ஐ.என். 1 என்று வந்தால் பெரும்பாலும் தானே மறையும், கண்காணித்தால் போதும். இவருக்கு வந்தது சி.ஐ.என். 3. அதுவும் புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைக்கக் கூடாதது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு மருத்துவமனையில் 1960-களிலும் 70-களிலும் இந்த நிலையில் சிலரைச் சரியான சிகிச்சையின்றி விட்டுவைத்தார்கள். அவர்களில் 31 சதவீதத்தினருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தது. ஒழுங்காகச் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

சிகிச்சை லீப். மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் கெட்ட பகுதியைச் சீவி எடுக்கிறார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம். சீவிய துண்டின் ஓரம் வரை மாற்றம் பரவியிருக்கிறதா என்று லேப் பார்க்கும். குழந்தை பெற நினைப்பவர் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஆழமாக எடுத்தால் பின்னாளில் குறைமாதப் பிரசவம் நேரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும்.

பாசிட்டிவ் ரிப்போர்ட்டை மட்டும் காட்டி, “எதற்கு வம்பு, கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம்” என்று யாராவது சொன்னால், பயாப்சி முடிவு எங்கே என்று கேளுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகோ உடலுறவுக்குப் பிறகோ ரத்தம் படுகிறதென்றால் கதை வேறு. அவர் ஸ்கிரீனிங் முகாமுக்குக் காத்திருக்காமல், போன சோதனை நெகட்டிவாகவே இருந்தாலும், உடனே மகளிர் மருத்துவரிடம் நேரில் காட்ட வேண்டும்.