நடுவில் வேகம், ஓரத்தில் இடம்

ஒரு குழாயில் எண்ணெய் ஓடுகிறது. குழாயின் உள் ஆரம் 1 செ.மீ. நட்டநடுவில் எண்ணெய் நொடிக்கு 20 செ.மீ. வேகத்தில் போகிறது என்று அளந்துவிட்டோம். நொடிக்கு எவ்வளவு எண்ணெய் வெளியே வரும்?

குறுக்குவெட்டுப் பரப்பு 3.14 சதுர செ.மீ. அதை 20ஆல் பெருக்கினால் 62.8 கன செ.மீ. அந்தக் கணக்குப்படி ஒரு லிட்டர் பாத்திரம் 16 நொடியில் நிறைய வேண்டும். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் 32 நொடி ஆகும். சரியாக இரு மடங்கு நேரம்.

குழாய்க்குள் எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் போவதில்லை என்பதே காரணம். சுவரைத் தொட்டிருக்கும் படலம் அசையாமல் ஒட்டிக்கொள்கிறது. அது தனக்கு அடுத்த படலத்தைப் பிடித்து இழுக்கிறது, அந்தப் படலம் அதற்கடுத்ததை இழுக்கிறது. இப்படிச் சுவரிலிருந்து உள்ளே போகப் போக வேகம் கூடி, நடுவில் உச்சத்தைத் தொடுகிறது. வரைந்து பார்த்தால் பரவளைய வடிவம் கிடைக்கும். நடு வேகம் V, குழாயின் ஆரம் R என்றால், மையத்திலிருந்து r தொலைவில் வேகம் இது:

v = V (1 − r²/R²)

அப்படியானால் சராசரி வேகம் எடுத்தால் போதாதா? குழாயைச் சமதடிப்புள்ள ஐந்து வளையங்களாகப் பிரிப்போம். ஒவ்வொன்றும் 2 மி.மீ. தடிப்பு. அவற்றின் நடுக்கோட்டில் வேகம், உள்ளிருந்து வெளியே, நொடிக்கு 19.8, 18.2, 15, 10.2, 3.8 செ.மீ. கூட்டி ஐந்தால் வகுத்தால் 13.4. இதை நம்பினால் பாத்திரம் 24 நொடியில் நிறைய வேண்டும். இதுவும் தப்பு.

ஐந்து வளையங்களும் ஒரே அளவு இடத்தை அடைத்துக்கொள்வதில்லை. மெல்லிய வளையம் ஒன்றை ஓரிடத்தில் வெட்டி நீட்டி வைத்தால் ஒரு பட்டை கிடைக்கும். அதன் நீளம் 2πr, அகலம் வளையத்தின் தடிப்பு. ஆகவே மையத்திலிருந்து விலக விலக பரப்பு பெருகுகிறது. நம் ஐந்து வளையங்களின் பரப்புகள் 1 : 3 : 5 : 7 : 9 என்ற விகிதத்தில் இருக்கின்றன. அதிவேகமான நடுப்பகுதிக்கு ஒரு பங்கு இடம்தான், மெதுவாக ஊரும் ஓர வளையத்துக்கோ ஒன்பது பங்கு.

இப்போது ஒவ்வொரு வளையத்தின் வேகத்தையும் அதன் பரப்பால் பெருக்குவோம். உள்ளிருந்து வெளியே, நொடிக்கு ஏறத்தாழ 2.5, 6.9, 9.4, 9.0, 4.3 கன செ.மீ. மொத்தம் சுமார் 32. மிக வேகமான நடுப்பகுதிதான் மிகக் குறைவாகக் கொண்டுபோகிறது! அதிகம் சுமப்பது மூன்றாவது வளையம். வளையங்களை எவ்வளவு மெலிதாக்கினாலும், அதிகம் கொண்டுபோகும் வளையம் மையத்திலிருந்து ஆரத்தில் 58 சதவீதத் தொலைவில் அமையும்.

ஐந்துக்குப் பதில் எண்ணற்ற மெல்லிய வளையங்களாக்கிக் கூட்டுவதுதான் தொகையிடல். மையம் முதல் சுவர் வரை 2πr × v என்பதைத் தொகையிட்டால்:

Q = 2πV (R²/2 − R²/4) = πR²V/2

நம் குழாய்க்கு 31.4 கன செ.மீ. ஐந்தே வளையங்களில் போட்ட கணக்கு இதை 2 சதவீதத்துக்குள் நெருங்கிவிட்டது. சராசரி வேகம் நடு வேகத்தில் சரிபாதி என்பதும் இங்கே தெரிகிறது.

இந்த விடையில் R² பரப்பிலிருந்து வருகிறது. அதே அழுத்தம், அதே நீளம், அதே எண்ணெய் என்றால், நடு வேகம் V கூட R²ஐப் பொறுத்தே அமையும். இரண்டும் சேர்ந்தால் R⁴. ரத்த ஓட்டத்தை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் புவாசே 1840களில் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி, ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று அளந்தே கண்டார். ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

பரவளையத்தை எல்லா இடத்திலும் நம்ப முடியாது. ஓட்டம் கலங்காமல் அடுக்கடுக்காக நகர வேண்டும். அதற்கு ரெனால்ட்ஸ் எண், அதாவது சராசரி வேகத்தை விட்டத்தால் பெருக்கி இயக்கப் பாகுமையால் வகுத்தால் வரும் எண், சுமார் 2000க்குக் கீழே இருக்க வேண்டும். நம் எண்ணெயின் இயக்கப் பாகுமை தண்ணீரைப்போல் 50 மடங்கு என்று வைத்தால் அது 40தான், கவலையில்லை. அதே குழாயில் அதே வேகத்தில் தண்ணீர் ஓடினால் எண் 2000ஐத் தொட்டுவிடும். வீட்டுக் குழாயில் தண்ணீர் பெரும்பாலும் இதைவிட வேகமாகக் கலங்கி ஓடும். அப்போது வேகம் குறுக்கே ஏறக்குறைய சமமாகி, சுவரையொட்டி மட்டும் சட்டென்று விழும். சராசரி வேகம் நடு வேகத்தில் பாதியாக இல்லாமல் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு வரும். வளையம் வளையமாகக் கூட்டும் முறை அங்கும் செல்லும். v-க்கு எந்தச் சூத்திரத்தைப் போடுகிறோம் என்பது மட்டுமே மாறும்.